மழைக்காலக் காய்ச்சல்: வீட்டு காலண்டரில் எழுத வேண்டிய இரண்டு தேதிகள்

போன டிசம்பர்ல என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போ ஆரம்பிச்சது?" அம்மா "ஞாயித்துக்கிழமை" என்றார். நான் "வெள்ளிக்கிழமையே சோர்வாத்தான் இருந்தான்" என்றேன். தம்பியோ, "இல்லக்கா, சனிக்கிழமை ராத்திரிதான் குளிரடிச்சது" என்றான். ஒரே வீட்டில் மூன்று பதில்! டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "இதைச் சரியாச் சொன்னாத்தான் மத்ததெல்லாம் சொல்ல முடியும்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் இந்த மாதப் பாடம். நவம்பர் முதல் மார்ச் வரை நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்த நேரத்தில் வீட்டில் இரண்டு தேதிகளை எழுதி வைக்க வேண்டும். ஒன்று தண்ணீருக்கு, இன்னொன்று காய்ச்சலுக்கு.

தண்ணீரின் தேதி

தண்ணீர் வெட்டு என்று அறிவிப்பு வந்ததும் நாம் என்ன செய்வோம்? வீட்டிலுள்ள எல்லா டோங்கையும் வாளியையும் நிரப்புவோம். அதில் தப்பில்லை. இரண்டு நாளில் குழாயில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் டோங்கில் இருப்பது அப்படியே நிற்கும். "பரவாயில்ல, அடுத்த தடவைக்கு ஆகும்" என்று மூடியைப் பாதி சாத்திவிட்டுப் போய்விடுவோம். எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் அப்படி ஒரு டோங் மூன்று வாரமாக நின்றது.

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு லோங்காங்கில் ஓடும் அழுக்குத் தண்ணீரைவிட, இப்படி வீட்டில் நிற்கும் தெளிந்த தண்ணீரைத்தான் அதிகம் தேடி வரும். முட்டையைத் தண்ணீருக்குள் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். மறுபடி தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டால் புழு பொரிக்கும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். காய்ந்த சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. வாரம் ஒரு முறை சுத்தம் செய்தால் கொசு முழுதாக வளர்வதற்குள் சுழற்சியை வெட்டிவிடலாம். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்சுவரைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் திரும்ப நிரப்பினால், ஒட்டியிருந்த முட்டைக்கு நாமே தண்ணீர் ஊற்றுகிறோம்.

அதனால் டோங்கின் மேல் ஒரு டேப் ஒட்டி, நிரப்பிய தேதியை மார்க்கரால் எழுதுங்கள். 7 நாளைத் தாண்டக் கூடாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மெல்லிய துணியைப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். துவைக்க, கழுவ வைத்திருக்கும் தண்ணீரைக் காலி செய்யவே முடியாது என்றால், புழு கொல்லும் அபேட் மருந்து போடலாம். 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு. 200 லிட்டர் டோங்குக்கு 20 கிராம். குடிதண்ணீரைத் தனியாக வைப்பதால் அதில் இது தேவைப்படாது.

டோங்கைப் பார்க்கும் அதே நாளில் துளசித் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, பூ ஜாடி, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, கூரைத் தகரக் கால்வாய் எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள்.

குடிதண்ணீருக்கு வேறு கவலை. அங்கே எதிரி கொசு இல்லை, கைதான். தண்ணீர் கொதித்து நன்றாகக் குமிழி வந்த பிறகு 1 நிமிடம் விட்டு இறக்குங்கள். ஆறியதும் மூடியுள்ள, குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரில் கழுவாத கையோடு குவளையை முக்கினால் டைபாய்டு, வயிற்றுப்போக்குக் கிருமிகள் மறுபடி உள்ளே போய்விடும். அப்புறம் கொதிக்க வைத்தது வீண்.

காய்ச்சலின் தேதி

காய்ச்சல் தொடங்கிய நாள்தான் 1-ஆம் நாள். அதைக் காலண்டரில் எழுதுங்கள். ஏனென்றால் டெங்கிச் சோதனைகள் நாளைப் பொறுத்தவை. NS1 சோதனை முதல் சில நாட்களில், 5-ஆம் நாள் வரை, நன்றாக வேலை செய்யும். IgM சோதனை சுமார் 5-ஆம் நாளுக்குப் பிறகுதான் காட்டத் தொடங்கும். NS1 "இல்லை" என்று வந்தாலும் டெங்கி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. முன்பே ஒரு தடவை டெங்கி வந்தவருக்கு அது தவறிப்போக வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, டெங்கியில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை, இறங்கும்போது. பெரும்பாலும் 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் அது வரும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். இரத்தம் கெட்டிப்படும். இந்த நிலை 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

தம்பிக்கு இப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை 1-ஆம் நாள். திங்கட்கிழமை, 3-ஆம் நாள், NS1 "உண்டு". பிளேட்லெட் 165, ஹெமட்டோகிரிட் 40. தினமும் வந்து இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பிளேட்லெட் 110. புதன் காலையில் உடம்பு சூடே இல்லை, 37.2. "காய்ச்சல் விட்டுருச்சு, இன்னிக்கு எதுக்கு ஊசி?" என்றார் அம்மா. நானும் சரி என்றேன். மதியத்துக்குள் மூன்று தடவை வாந்தி, வயிற்று வலி. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. மருத்துவமனைக்கு ஓடினோம். பிளேட்லெட் 48, ஹெமட்டோகிரிட் 48. 40-லிருந்து 48 என்றால் 20 சதவீதம் ஏற்றம். நாங்கள் பிளேட்லெட்டையே பார்த்துப் பயந்தோம். டாக்டரோ இரண்டாவது எண்ணைக் காட்டி, "நீர் கசியுதுன்னு சொல்றது இதுதான்" என்றார். டிரிப் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினான். எங்கள் டோங்கில் வளர்ந்த கொசுதான் அவனைக் கடித்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அதில் புழு இருந்ததை நானே பார்த்தேன்.

எங்கள் பிரிட்ஜில் இப்போது ஒட்டியிருக்கும் தாள் இது:

1. சளி, இருமல் இல்லாமல் 38-க்கு மேல் காய்ச்சல் இருந்தால் 2-ஆம் நாளே இரத்தப் பரிசோதனை. 3-ஆம் நாளைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டில் டெங்கி இருந்தாலோ, கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், நீரிழிவு உள்ளவர் என்றாலோ முதல் நாளே.

2. காய்ச்சல் இறங்கிய நாளிலும், அதற்கு மறுநாளும் கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும்.

3. தொடர் வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தூங்கித் தூங்கி விழுவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு. நடுராத்திரி ஆனாலும் சரி.

4. காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும், 6 மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின், புரூபென், பொன்ஸ்தான் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். கஞ்சி, பார்லி தண்ணி, ஐசோடோனிக் பானம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். பாட்டி பப்பாளி இலைச் சாறு கொடுத்தாலும், பரிசோதனைக்கு அது பதில் ஆகாது.

5. கடந்த ஒரு மாதத்தில் வெள்ளத் தண்ணீரில் கால் வைத்திருந்தால், வீடு கழுவியிருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோவும் டெங்கி மாதிரியேதான் தொடங்கும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் சந்தேகம் கூடும். அதற்கு ஆன்டிபயாட்டிக் உண்டு, சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

இந்த வாரக் குழுப் பயிற்சி: வீட்டில் தண்ணீர் நிற்கும் இடங்களை எண்ணிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை எண்ணியபோது 11. அம்மா 4 என்றுதான் நினைத்திருந்தார்.