நான்கு நாள் தாமதமும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

அன்புள்ள தம்பிக்கு,

சக ஊழியர்களுக்கு அனுப்புவதற்காக நீ எழுதியிருக்கும் வரைவைப் படித்தேன். “தவிர்க்க முடியாத காரணங்களால் மெய்ப்புப் பணியில் தாமதம் ஏற்பட்டுவிட்டது. இதனால் அனைவருக்கும் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இனி இப்படி நடக்காது. தயவுசெய்து மன்னிக்கவும்.” பணிவான கடிதம்தான். ஆனால் இதைப் படிக்கும் யாருக்கும் என்ன நடந்தது, யாரால் நடந்தது, தன் வேலை இனி என்றைக்கு முடியும் என்பது தெரியாது. மின்வெட்டு அறிவிப்பில்கூட இதைவிடக் கூடுதல் விவரம் இருக்கும். இதை அனுப்பாதே.

எழுத உட்காரும் முன் நீ செய்ய வேண்டியது விசாரிப்பது. உன் தாமதம் ஒவ்வொருவரையும் எங்கே பாதித்தது என்று அவர்களிடமே கேள். நீ போனில் சொன்னதையும், உங்கள் பதிப்பக நண்பர்களிடம் நான் கேட்டதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது.

புத்தகத்தின் 256 பக்கத்தையும் திருத்தி டிசம்பர் 5ஆம் தேதி தருவதாக ஒப்புக்கொண்டாய். தந்தது 9ஆம் தேதி. திருத்தம் போட மூன்று நாள், பெயர்ச் சுட்டிக்கு இரண்டு நாள், அட்டையும் கோப்பும் சரிபார்க்க ஒரு நாள் என்று வைத்து, 12ஆம் தேதி அச்சகத்தில் மெஷின் பிடித்திருந்தார்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்காகச் சென்னைப் பதிப்பகங்கள் எல்லாம் டிசம்பரில்தான் அச்சகத்துக்கு ஓடும். அந்த நாளை விட்டதும் அடுத்துக் கிடைத்தது 21. உன் கையில் நான்கு நாளாக இருந்த தாமதம் அச்சகத்தில் ஒன்பது நாளாகிவிட்டது.

ஆனால் எல்லோருக்கும் வருத்தம் அந்த நான்கு நாளைப் பற்றியது மட்டும் அல்ல. 5ஆம் தேதி கேட்டபோது, “கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, 256 பக்கம்தான்” என்று சொன்னாயே, அதைப் பற்றியது. உன் சொல்லை நம்பிச் சுட்டி ஐயா 6ஆம் தேதியே பழைய பக்கங்களை வைத்துப் பெயர் குறிக்கத் தொடங்கினார். அட்டைக்காரர் 256 பக்கத்துக்கு முதுகு அளந்து அட்டையை முடித்தார். கடைசியில் அத்தியாய முடிவுக் குறிப்புகளில் விடுபட்டிருந்தவற்றை நீ சேர்த்ததில் புத்தகம் 272 பக்கமானது. ஒரு ஃபாரம் கூடியது என்று உனக்குத் தோன்றும். சுட்டி ஐயாவுக்கோ, முதல் அத்தியாயத்துக்குப் பிறகு அவர் எழுதிய பக்க எண் ஒவ்வொன்றும் தவறு. அட்டைக்காரருக்கு எட்டுத் தாள் கூடியிருக்கிறது. தாளுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 0.8 மில்லிமீட்டர் அகலம் கூடும். பழைய அளவிலேயே அச்சிட்டால் முன்னட்டையின் நிறம் முதுகில் ஏறி நிற்கும். கடையில் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தாமதம் அவர்களைக் காக்க வைத்தது. நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம் செய்த வேலையை மறுபடி செய்ய வைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியது முதலில் இதற்குத்தான். உன் வரைவில் இது இல்லவே இல்லை.

உனக்கு எப்போது தெரியும் என்பதையும் நேராகப் பார். நவம்பர் 25 முதல் பத்து நாளில் 256 பக்கம் என்றால் நாளுக்கு 25 பக்கத்துக்கு மேல் படிக்க வேண்டும். குறிப்புகள் நிறைந்த புத்தகம், உன்னால் 18தான் முடிந்தது. அதில் குற்றமில்லை, கவனமாகப் படித்திருக்கிறாய். ஐந்தாம் நாள் 90 பக்கம் முடிந்திருந்தது. மிச்சம் 166. அதே வேகத்தில் இன்னும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும் என்று நவம்பர் 29 மாலையே கணக்குப் போட்டிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அச்சக மேலாளர் வேறொரு பதிப்பகத்தோடு நாளை மாற்றிக்கொடுத்திருப்பார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

2016இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கியும் அவருடைய குழுவினரும் மன்னிப்பின் கூறுகளை ஆறாகப் பிரித்து, எதற்கு எவ்வளவு பலன் என்று சோதித்தார்கள். முதலிடம் பெற்றது, தவறு என்னுடையது என்று ஏற்பது. அடுத்தது, சரிசெய்ய முன்வருவது. கடைசியில் நின்றது ‘மன்னித்துவிடுங்கள்’ என்ற வேண்டுதல். உன் வரைவில் கடைசியில் நின்றது இருக்கிறது, முதல் இரண்டும் இல்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்டால், ஏற்கெனவே இரட்டை வேலையில் இருப்பவர்கள் உனக்கு ஆறுதலாக ஒரு பதிலும் எழுத வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர்கள் தலையில் வைக்காதே.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 5 அன்று தர ஒப்புக்கொண்ட மெய்ப்பை 9ஆம் தேதிதான் தந்தேன். குறித்த நாளில் முடியாது என்பதை நவம்பர் 29 அன்றே நான் கணக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. 5ஆம் தேதி பக்க எண்ணிக்கை உறுதியாகாமலே 256 என்று சொன்னேன். அது என் தவறு.

இதனால் திருத்தம் போடும் அக்கா 6, 7, 8 தேதிகளை இதற்காக ஒதுக்கி வைத்து வீணாக்க நேர்ந்தது; இப்போது பத்திரிகை வேலையோடு இதையும் சேர்த்துச் செய்கிறார். ஐயா சுட்டியை மறுபடி எழுத வேண்டும். அட்டை வடிவமைக்கும் அண்ணன் அதை மாற்ற வேண்டும். அச்சு 12இலிருந்து 21க்குத் தள்ளிப்போனது.

திருத்தம் முடிந்த பக்கங்களை 12 இரவு நானே ஒத்துப் பார்த்து 272 பக்கத்தை உறுதிசெய்து அனுப்புகிறேன். அதுவரை அட்டையையும் சுட்டியையும் தொட வேண்டாம். சுட்டியில் பக்க எண் சரிபார்க்கும் வேலையில் ஐயாவுடன் 13, 14 இரண்டு நாளும் இருப்பேன். இரண்டாம் முறை எழுதுவதற்கான ஊதியத்தை ஆசிரியரிடம் கேட்டேன், தர ஒப்புக்கொண்டார். அடுத்த புத்தகத்திலிருந்து, கொடுத்த நாளில் பாதி கடந்ததும் எத்தனை பக்கம் முடிந்தது என்பதை எல்லோருக்கும் எழுதுவேன். உங்கள் வேலையை இரட்டிப்பாக்கியதற்கு வருந்துகிறேன்.”

ஊதிய வரியை, ஆசிரியரிடம் கேட்டு அவர் சரி என்ற பிறகுதான் எழுத வேண்டும். மறுத்துவிட்டால் அந்த வரியை எடுத்துவிடு. பிறர் பணத்தையும் பிறர் நேரத்தையும் வைத்து வாக்குக் கொடுப்பது இரண்டாவது தவறாகிவிடும். மெய்ப்புப் பார்த்தபோது உனக்குக் காய்ச்சல் இருந்தது உண்மைதான் என்றாலும், நீ தந்த பக்கங்களின் கணக்குப்படி அந்த நாட்களிலும் உன் வேகம் குறையவில்லை. ஆகவே அதை எழுதாதே. “இனி நடக்காது” என்பதையும் விட்டுவிட்டேன். குறிப்புகள் நிறைந்த புத்தகம் இன்னொன்று வரும், இன்னொரு முறையும் நாள் தவறலாம். பாதி நாளில் நிலவரம் சொல்வது மட்டும் முழுக்க உன் கையில் இருக்கிறது.

கடிதம் இன்று மாலைக்குள் போக வேண்டும். நாளை அட்டைக்காரர் அட்டையை அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். சுட்டி ஐயா மெயில் பார்ப்பது எப்போதாவதுதான். அவரிடம் முதலில் போனில் பேசு, இன்றைக்கே எழுதுவதை நிறுத்தச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்