கேட்பதை முதலில் கேளுங்கள்

கேள்வி: திருப்பூரில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பாக்கிப் பணம் கேட்டு வாடிக்கையாளருக்கு ஒரு பக்க மின்னஞ்சல் அனுப்பினேன். "விவரம் அறிந்தோம், நன்றி" என்று மட்டும் பதில் வந்தது. எங்கே தவறு?

பதில்: உங்கள் கோரிக்கை கடைசிப் பத்தியில், "ஆகவே" என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்திருக்கும். நீண்ட கடிதங்களில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த வாக்கியத்தை வெட்டி, வணக்கத்துக்கு அடுத்த வரியில் ஒட்டுங்கள். "ஆகவே", "மேற்கண்ட காரணங்களால்" போன்றவற்றை நீக்கிவிட்டு, தொகையையும் தேதியையும் சேருங்கள்:

"மார்ச் மாத பில் தொகை ரூ.48,000-ஐ வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுகிறேன். சனிக்கிழமை காகிதக் கடைக்குப் பணம் கட்டினால்தான் உங்கள் அடுத்த ஆர்டரைத் தொடங்க முடியும்."

முதல் வரி கோரிக்கை, இரண்டாம் வரி காரணம். மீதமுள்ள பத்திகளில் பில் எண்ணும் வங்கி விவரமும் மட்டும் இருக்கட்டும்; பணம் அனுப்ப அவருக்குத் தேவையானவை அவைதான். காகித விலை உயர்ந்த கதை போன்றவை இருந்தால் எடுத்துவிடலாம். தலைப்பிலும் "விவரம்" என்று போடாமல், "மார்ச் பில்: வெள்ளிக்குள் பணம் தேவை" என்று எழுதுங்கள்.

அனுப்பும் முன், முதல் இரண்டு வரிகளை மட்டும் வேறொருவரிடம் காட்டுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் கடிதம் தயார். புது டிசைனுக்கு ஒப்புதலும் கேட்க வேண்டுமா? அதைத் தனி மின்னஞ்சலாக அனுப்புங்கள். சேர்த்துக் கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும்.