சரக்கு வராமல் பில் மட்டும் வந்தால்: ஜிஎஸ்டி வரவில் எது மோசடி, எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?

“சரக்கெல்லாம் வேணாம் சார், பில் மட்டும் போட்டுத் தர்றேன். ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்துக்கோங்க.” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் லேத், ஃபேப்ரிகேஷன், ஹார்டுவேர் தொழில் செய்பவர்களுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வரக்கூடும். கேட்பதற்கு வரியைச் சேமிக்கும் வழி மாதிரி தெரியும். சட்டம் இதை மோசடி என்கிறது. பில் கொடுப்பவர், அதை வைத்து வரவு எடுப்பவர் என இருவரும் குற்றவாளிகள்.

வரவு என்பது என்ன?

நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, நீங்கள் விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். இதுதான் உள்ளீட்டு வரி வரவு. இதற்கு மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 16 சில நிபந்தனைகளை வைக்கிறது. பில் கையில் இருக்க வேண்டும். பொருளோ சேவையோ உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும். விற்றவர் அந்தப் பில்லைத் தன் கணக்கில் காட்டி, வரியை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். விற்றவருக்கான பணத்தை 180 நாட்களுக்குள் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். ஆக, பில் என்பது பல நிபந்தனைகளில் ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கிலோ 62.50 ரூபாய் வீதம் 8 டன் இரும்புக் கம்பி விற்றதாக 5,00,000 ரூபாய்க்குப் பில் தருகிறார். 18% ஜிஎஸ்டி 90,000 ரூபாய். பட்டறைக்காரர் 5,90,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்புகிறார். 25,000 ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு, மீதி 5,65,000 ரூபாய் ரொக்கமாகத் திரும்பி வருகிறது. கம்பி ஒன்றுகூட வரவில்லை. 90,000 ரூபாய் வரவில் கமிஷன் போக 65,000 ரூபாய் லாபம் என்று அவர் நினைக்கிறார்.

மூன்று வருடம் கழித்து இது பிடிபடுகிறது. பயன்படுத்திய வரவு 90,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 18% வீதம் மூன்று வருட வட்டி 48,600 ரூபாய். மோசடி என்பதால் வரிக்குச் சமமான அபராதம் இன்னொரு 90,000 ரூபாய். மொத்தம் 2,28,600 ரூபாய். வராத கம்பியைச் செலவாகக் காட்டியதற்கு வருமான வரித்துறையும் தனியாகக் கேள்வி கேட்கும். போலி பில் மூலம் போன வரி ஒரு கோடி ரூபாயைத் தாண்டினால் சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. ஐந்து கோடியைத் தாண்டினால் அது ஜாமீனில் வர முடியாத குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எட்டு டன் கம்பி வந்திருந்தால் அதற்கு லாரி வந்திருக்கும், எடை மேடை சீட்டு இருக்கும், இறக்குக்கூலி கொடுத்திருப்பீர்கள். கம்பியைக் கடைந்திருந்தால் செய்த பாகங்களும் இரும்புத் துருவலும் கணக்கில் இருக்கும். இவை எதுவும் இல்லாத கொள்முதல் தனித்துத் தெரியும். இன்னொரு பக்கம், விற்றவர் கம்பி விற்றிருக்கிறார், ஆனால் எங்கும் வாங்கியதாகக் கணக்கே இல்லை. அல்லது பதிவு செய்த முகவரியில் கடையே இல்லை. இப்படிப்பட்ட பதிவுகளைத் தேடி 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் நடந்த சிறப்பு ஆய்வில் 21,791 பதிவுகள் நிஜத்தில் இல்லாதவை என்று தெரியவந்தது. அப்படி ஒரு விற்பனையாளர் சிக்கினால், அவர் பில் கொடுத்த எல்லோருடைய பட்டியலும் அதிகாரிகள் கைக்கு வந்துவிடும். சந்தேகத்துக்குரிய வரவைப் பயன்படுத்த முடியாமல் முடக்கிவைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

நேர்மையாக வாங்கியவரும் ஏன் கவனமாக இருக்க வேண்டும்?

இதற்குப் பதில் கர்நாடகத்தின் ஒரு காபி வியாபார வழக்கில் இருக்கிறது. எக்காம் கில் காபி டிரேடிங் என்ற நிறுவனம் வாட் காலத்தில் காபிக்கொட்டை வாங்கி வரவு கோரியது. அதற்கு விற்றவர்களில் சிலரின் பதிவு ரத்தாகியிருந்தது. சிலர் விற்கவே இல்லை என்றார்கள். “பில் இருக்கிறது, செக்கில் பணம் கொடுத்திருக்கிறேன்” என்பது வாங்கியவர் தரப்பு வாதம். 2023 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம், அது மட்டும் போதாது என்றது. பொருள் உண்மையில் கை மாறியதை நிரூபிக்கும் பொறுப்பு வரவு கேட்பவருடையது. விற்றவரின் பெயர், முகவரி, சரக்கு வந்த வண்டியின் விவரம், வண்டி வாடகை கொடுத்ததற்கான ரசீது, சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, பில், பணம் கொடுத்த விவரம் எல்லாம் வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 155-ம் இதே பொறுப்பை வரவு கேட்பவர் மேல்தான் வைக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரப்பர் ஷீட் வியாபாரிகள் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவர் மேல் மட்டும் வரியைச் சுமத்திய உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. விற்றவர் ஏமாற்றினால் வாங்கியவருக்கு வழியே இல்லை என்பதில்லை. ஆனால் அந்த வழியில் போக ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

போனிலேயே செய்யக்கூடியவை

புது ஆளிடம் வாங்கும் முன் gst.gov.in தளத்தில் `Search Taxpayer` பகுதியில் அவருடைய 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33-ல் தொடங்கும். பதிவு `Active` என்று இருக்கிறதா, ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். ஹார்டுவேர் பில் கொடுப்பவரின் பதிவில் சம்பந்தமில்லாத தொழில் இருந்தால் விசாரியுங்கள்.

சரக்கு இறங்கும்போதே பில், எடைச் சீட்டு, லாரி ரசீது, வண்டி எண் தெரிகிற மாதிரி சரக்கு ஆகியவற்றைப் போட்டோ எடுத்துவிடுங்கள். எடைச் சீட்டின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், போட்டோ மங்காது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் இ-வே பில் வேண்டும். அதிலுள்ள வண்டி எண்ணும் வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் எண்ணையே பெயராக வைத்து, ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஒரு ஃபோல்டர் போதும்.

ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி வரும் `GSTR-2B` பட்டியலை உங்கள் பில்களோடு ஒப்பிடுங்கள். அதில் நீங்கள் வாங்காத சரக்கின் பில் இருந்தால் “வந்தது வரட்டும்” என்று வரவு எடுக்காதீர்கள். `Invoice Management System` பகுதியில் `Reject` கொடுங்கள்.

ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் 31 வரை. அதனால் போனில் மட்டும் வைக்காமல் இன்னொரு இடத்திலும் பிரதி வையுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டால்?

தவறான வரவை எடுத்தவர், நோட்டீஸ் வரும் முன்பே `DRC-03` படிவம் மூலம் வரி, வட்டியோடு 15% அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன பட்டறைக் கணக்கில் அந்த அபராதம் 13,500 ரூபாய். காத்திருந்து உத்தரவு வந்தால் அதுவே 90,000 ரூபாய்.