வீட்டு முன்அறையில் பார்லர் நடத்தும் பெண்களுக்குச் சில குறிப்புகள்

1. பக்கத்துத் தெரு பார்லரின் விலைப்பட்டியலைப் பார்த்து, அதில் பத்து ரூபாய் குறைத்துப் போடாதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். உதாரணத்துக்கு, வாடகை 7,000 ரூபாய், கரண்ட் 1,500, துண்டு துவைப்பது, போன், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 1,500, உங்கள் சம்பளம் 15,000. மொத்தம் 25,000. பலர் எழுத மறப்பது அந்தச் சம்பளத்தைத்தான். மாதம் 25 நாள் கடை திறந்திருந்தாலும், நாற்காலியில் ஆள் இருக்கும் நேரம் நாளுக்கு நாலு மணி என்றே வையுங்கள். மாதத்துக்கு 100 மணி. அப்படியானால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 250 ரூபாய்.

2. இனி ஒவ்வொரு வேலைக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். ஃபேஷியல் செய்து, அடுத்தவருக்காகப் படுக்கையைத் துடைத்து முடிக்க ஒன்றேகால் மணி ஆகும். அதற்கு 312 ரூபாய். கிரீம் கிட் ஒரு ஆளுக்கு 120, பஞ்சு, டிஷ்யூ, துண்டுக்கு 30. ஆக 462. விலை 500 என்று வைக்கலாம். ஐப்ரோவுக்குப் பத்து நிமிடம், சுமார் 42 ரூபாய். 50 வாங்கினால் போதும். இந்த ஃபேஷியலுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்தால் கையில் வருவது 400. ஆள் வர வர 62 ரூபாய் போய்க்கொண்டிருக்கும். சலுகை தரத்தான் வேண்டுமென்றால் ஃபேஷியலோடு ஐப்ரோவை இலவசமாகச் செய்யுங்கள். சும்மா இருக்கும் மதிய நேரத்தில் வருபவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

3. ஐப்ரோ செய்யும்போது நூலைப் பல்லில் கடிக்காதீர்கள். ஒரு முனையைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் அதே இழுப்பு கிடைக்கும். பழக ஒரு வாரம் போதும். ஒருவருக்கு எடுத்த நூலை அவர் கண்முன்னே அறுத்துக் குப்பையில் போடுங்கள்.

4. வேக்சிங்கில் பெரிய தப்பு, தோலைத் தொட்ட கத்தியை மறுபடி ஹீட்டர் டப்பாவில் விடுவது. அடுத்து வருகிறவர் எல்லோருக்கும் அந்த டப்பாதானே? ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரக்குச்சிகளைக் கட்டாக வாங்கி, ஒரு தடவை தொட்டதும் வீசுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவர்களுக்கும் வேக்சிங் வேண்டாம். முடியோடு தோலும் உரிந்து வந்துவிடும். “முகத்துக்கு டாக்டர் எதாவது கொடுத்திருக்காராம்மா?” என்று கேட்ட பிறகே குச்சியை எடுங்கள்.

5. கத்தரி, பிளக்கர், பிளாக்ஹெட் கம்பி இவற்றை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். ஈரம் துடைத்த பிறகுதான் 70 சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிடம் முழுதாக முக்கி வைக்க வேண்டும். அழுக்கோடு போட்டால் மருந்து உள்ளே போகாது. பிளேடு ஒருவருக்கு ஒன்று, ஒரே தடவை. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

6. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடமாக ஒரே பிராண்டு, ஒரே நம்பர் டை அடித்துக்கொண்ட அக்கா ஒருவர். ஒருநாள் அடித்துவிட்டுப் போன மறுநாள் காலையில் கண் திறக்க முடியாமல் இமை வீங்கி வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் பல தடவை ஒத்துக்கொண்டு, ஒரு நாள் திடீரென்று ஒத்துக்காமல் போகலாம் என்று அன்றுதான் தெரிந்தது. அதன்பின் பழைய கஸ்டமராக இருந்தாலும், டைக்கு இரண்டு நாள் முன்பே வரச் சொல்லிக் காதுக்குப் பின்னால் பொட்டளவு தடவி அனுப்புகிறேன். அரிப்போ சிவப்போ வந்தால் டை கிடையாது. கருப்பு மெஹந்தி என்று விற்பதிலும் பிபிடி இருப்பதுண்டு.

7. அந்த இரண்டு நாள் முன் வருகையையே அப்பாயின்ட்மென்டில் சேர்த்துவிடுங்கள். “வியாழக்கிழமை ஐப்ரோவுக்கு வாங்க, டெஸ்ட்டும் பார்த்துடலாம். சனிக்கிழமை பத்து மணிக்கு டை” என்றால் யாரும் அலுத்துக்கொள்வதில்லை. கல்யாணப் பெண்ணுக்கு ஃபேஷியல் முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் முன்பே முடிய வேண்டும். முதல் நாள் செய்து பரு கிளம்பினால் மேக்கப்பில் மறையாது. அட்வான்ஸ் வாங்காமல் முகூர்த்த நாளைக் குறிக்காதீர்கள்.

8. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்று நோட்டு போடுங்கள். டை நம்பர், எத்தனை வால்யூம் டெவலப்பர், எது ஒத்துக்காது, இடது புருவத்தில் தழும்பு, வளைவு அதிகம் பிடிக்காது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஐப்ரோ எடுத்த 25-ஆம் நாள் ஒரு வாட்ஸ்அப் போதும். அவர் வந்து உட்காரும்போது நோட்டைப் பார்த்துவிட்டு, “போன தடவை மாதிரி மெல்லிசா வேணாம்தானேக்கா?” என்று கேளுங்கள்.