பர்மாப் பெயரில் குடும்பப் பெயர் எது?

கேள்வி: என் அப்பா ரங்கூனில் பிறந்தவர். 1964-இல் தாத்தாவின் கடையை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு வீட்டில் தமிழ்ப் பெயர். ஆனால் பர்மாப் பள்ளிச் சான்றிதழில் ‘மவுங் ஹ்லா டின்’ என்று இருக்கிறது. பிறந்த நாள் 14 மார்ச் 1951. அதே பள்ளியில் படித்த அத்தை, சித்தப்பா யாருடைய சான்றிதழிலும் ‘டின்’ இல்லை, ‘ஹ்லா’வும் இல்லை. இங்கே தெலுங்கு நண்பர்கள், “டின் என்பதுதான் உங்கள் இண்டிபேரா?” என்று கேட்கிறார்கள். பர்மாவில் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைப்பார்கள் என்று அப்பா சொல்வார். அதன்படி இந்தப் பெயர் எந்தக் கிழமைக்கு உரியது? ஆங்கிலத்தில் ‘எச்’ எழுத்தில் தொடங்குவதால் வெள்ளிக்கிழமை என்று ஒருவர் சொன்னார். அப்பா பிறந்தபோது எழுதிய ஓலை ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதைப் படிக்க யாருக்கும் தெரியவில்லை.
— வாசகர், வடமாலபேட்டை

பதில்: ‘டின்’ குடும்பப் பெயர் அல்ல. அந்தப் பெயரில் குடும்பப் பெயர் என்று எதுவுமே இல்லை. உங்கள் ஊரில் இரண்டு வழக்கங்களை அக்கம்பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். தெலுங்குக் குடும்பங்களில் இண்டிபேரு தலைமுறை தலைமுறையாகப் பெயருக்கு முன்னால் நிற்கும். தமிழர் வீட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக வரும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். பர்மியர்களிடம் இந்த இரண்டும் கிடையாது. அப்பா பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் தனிக் கட்டத்தில் எழுதப்படும், பிள்ளையின் பெயரோடு ஒட்டாது. பெண்களும் திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்வதில்லை. கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு ஒரு பெயர், நான்கு பிள்ளைகளுக்கு நான்கு பெயர். பெயர்களை மட்டும் வரிசையாக வாசித்தால் ஒரே வீட்டுக்காரர்கள் என்றே தெரியாது. ஐ.நா. பொதுச்செயலராக இருந்த ஊ தாண்டின் அப்பா பெயர் போ ஹ்னித். தம்பிமார் பெயர்கள் காண்ட், தாவுங், டின் மவுங்.

ஊ தாண்டின் பெயரில் உள்ள ‘ஊ’ இனிஷியலும் இல்லை, முதல் பெயரும் இல்லை. பெரியவர்களுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல் அது. சிறுவனாக இருக்கும்போது ‘மவுங்’, வளர்ந்து சம வயதினரிடையே ‘கோ’, வயதும் மதிப்பும் கூடினால் ‘ஊ’. பெண்களுக்கு ‘மா’, பிறகு ‘டோ’. எனவே உங்கள் அப்பா பெயரில் ‘மவுங்’கைக் கழித்துவிட வேண்டும். பள்ளிப் பிள்ளை என்பதால் ஆசிரியர் போட்டது அது. அங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருந்தால் இன்று அவர் ‘ஊ ஹ்லா டின்’ ஆகியிருப்பார். மவுங் என்பதையே பெயராக வைத்துக்கொண்டவர்களும் உண்டு என்பதால் சில இடங்களில் குழப்பம் வரும். உங்கள் அப்பா விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை, அதற்குக் காரணம் கிழமை.

நம் பஞ்சாங்கத்தில் நட்சத்திரப் பாதத்துக்கு ஓர் எழுத்து என்று 108 எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பர்மியர் நட்சத்திரத்துக்குப் பதில் கிழமையைப் பிடித்தார்கள். அவர்களுடைய நெடுங்கணக்கு வடமொழி நெடுங்கணக்கின் வரிசையிலேயே அமைந்தது என்பதால் நமக்கு இதை நினைவில் வைப்பது எளிது. உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் ஞாயிறு. க-வரிசை முழுவதும், ‘ங’ உட்பட, திங்கள். ச-வரிசை, ‘ஞ’ வரை, செவ்வாய். ப-வரிசை, ‘ம’ வரை, வியாழன். த-வரிசை, ‘ந’ வரை, சனி. மிச்சமிருக்கும் எழுத்துகளில் ஸகரமும் ஹகரமும் வெள்ளிக்குப் போகும். அந்த ஸகரத்தைப் பர்மியர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ‘த’ போல ஒலிப்பார்கள். நம் சீதையை அவர்கள் ‘திதா’ என்பது இதனால்தான்.

புதன்கிழமை மட்டும் இரண்டாகப் பிரியும். நண்பகல் வரை பிறந்தவர்களுக்கு ல, வ. நண்பகலுக்குப் பின் பிறந்தவர்களுக்கு ய, ர. பிற்பகல் புதனை ராகுவுக்கு உரியதாகக் கருதுவார்கள். ரங்கூனின் ஷ்வேடகோன் கோயிலைச் சுற்றியுள்ள கிழமை மூலைகள் ஏழல்ல, எட்டு. அவரவர் பிறந்த கிழமையின் மூலையில் நின்று அங்குள்ள புத்தர் சிலைக்கு நீர் ஊற்றுவார்கள். பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் பலருக்கு எந்த மூலையில் நின்று ஊற்றினோம் என்பது இன்றும் நினைவிருக்கும். உங்கள் அத்தையிடம் கேட்டுப் பாருங்கள், பெயரை வைத்துக் கணக்குப் போடுவதைவிட அது நம்பகமானது.

இப்போது ‘ஹ்லா’வுக்கு வருகிறேன். ‘எச்’ இருப்பதால் வெள்ளி என்று உங்களுக்குச் சொன்னவர் ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கிழமையைத் தீர்மானிப்பது பர்மிய எழுத்து. ‘ஹ்லா’ பர்மிய எழுத்தில் லகரம். அதன் அடியில் மூச்சொலிக்காக ஒரு சிறு குறி சேரும், அவ்வளவுதான். அழகு என்று பொருள்படும் இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது மூச்சொலி முன்னால் வந்து ‘எச்’ ஆகிவிடுகிறது. லகரம் என்றால் புதன், அதிலும் முற்பகல். நீங்கள் கொடுத்த தேதியைக் கணக்கிட்டேன். 1951 மார்ச் 14 புதன்கிழமைதான். வழக்கப்படி வைத்த பெயர் என்றால், உங்கள் அப்பா நண்பகலுக்கு முன் பிறந்தவர் என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. மதியத்துக்கு மேல் பிறந்திருந்தால் ‘யின்’ அல்லது ‘யே’ போன்ற பெயர் வந்திருக்கும். ‘மவுங்’கைப் பெயராக எடுத்திருந்தால் மகரம், வியாழன், தேதியோடு பொருந்தாது. பின்னால் வரும் ‘டின்’ த-வரிசை, சனிக்குரியது. அதைப் பொருட்படுத்த வேண்டாம், கிழமை பார்ப்பது முதல் அசைக்குத்தான்.

தமிழ்க் காதுக்கு இதில் இன்னும் இரண்டு வழுக்கல்கள் உண்டு. ‘சோ’ அல்லது ‘சீ’ என்று கேட்கும் பெயர் உண்மையில் ககரத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் கே, ஒய் என்று தொடங்கினால் அது திங்கள், நம் செவியை நம்பிச் செவ்வாய் என்று எழுதிவிடக் கூடாது. அதுபோல நாம் ‘த’ என்று எழுதும் எழுத்து பர்மியத்தில் இரண்டு வெவ்வேறு எழுத்துகளுக்குப் பொதுவாகிவிடுகிறது. ஊ தாண்ட் பிறந்தது 22 ஜனவரி 1909, வெள்ளிக்கிழமை. அவர் பெயரின் முதலெழுத்து நான் சொன்ன அந்த ஸகரம். பிரதமராக இருந்த ஊ நு 25 மே 1907-இல் பிறந்தார், சனிக்கிழமை, நகரம். இரண்டும் பிசகாமல் பொருந்துகின்றன.

எல்லாப் பெயரும் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது வழக்கம், சட்டமல்ல. பெயரை மாற்றிக்கொள்வதும் அங்கே எளிது. பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஊ பா, அம்மா டோ சூ. மகன் பிறந்தது 13 பிப்ரவரி 1915, சனிக்கிழமை. முறைப்படி த-வரிசையில் ‘டெய்ன் லின்’ என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் பெயர் ஆங் தான். அதோடு இசைந்து வரட்டும் என்று அவர் பின்னாளில் ‘ஆங் சான்’ ஆனார். உயிரெழுத்துப் பெயர், ஞாயிறுக்குரியது. உலகம் அறிந்த அந்தப் பெயரைப் பார்த்து அவர் பிறந்த கிழமையைச் சொன்னால் தவறிவிடும்.

அவர் மகள் ஆங் சான் சூ சி 19 ஜூன் 1945, செவ்வாய்க்கிழமை பிறந்தார். அந்தப் பெயரில் ‘ஆங் சான்’ அப்பாவினுடையது, ‘சூ’ அப்பாவைப் பெற்ற பாட்டியினுடையது, ‘சி’ அம்மா கின் சியினுடையது. செவ்வாய்க்குரிய சகரம் நடுவில் ‘சூ’வில் இருக்கிறது, தொடக்கத்தில் இல்லை. அப்பா பெயரை முன்னால் வைத்தது அந்த வீட்டார் விரும்பிச் செய்தது, அந்த நாட்டின் பொது வழக்கம் அல்ல. அதைப் பார்த்து, பர்மியருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் படிவங்கள் இன்னொரு தவறு செய்கின்றன. கடைசி அசையைப் பிய்த்தெடுத்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகின்றன. உங்கள் அப்பா பெயரையும் அப்படி ‘டின்’ என்று பிரிக்க வேண்டாம். எங்கே எழுதினாலும் ‘ஹ்லா டின்’ இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டும், பாதிப் பெயர் அவரைக் குறிக்காது.

பர்மாவில் நம்மவர்களுக்கு இரண்டு பெயர் இருந்தது சாதாரணம். வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒன்று, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஒன்று. அத்தை, சித்தப்பா பெயர்களையும் பிறந்த தேதிகளையும் எடுத்து வைத்து, தேதிக்குரிய கிழமையை நாட்காட்டியில் பாருங்கள். மூன்று பேருக்கும் பொருந்தினால் வீட்டாரோ அக்கம்பக்கத்தாரோ கிழமை பார்த்து வைத்திருக்கிறார்கள். மற்ற இருவருக்கும் பொருந்தாவிட்டால், அவர்களைப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் தமக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஓலைக்குப் பர்மியத்தில் ‘ஸாதா’ என்று பெயர், நம் ஜாதகம்தான். ஓலையை மடிக்காமல், எண்ணெய் எதுவும் தடவாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், கீறிய எழுத்து அப்போதுதான் துலங்கும். சென்னை வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் பர்மிய எழுத்து படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், படத்தைக் காட்டினால் போதும். ஆண்டு பர்மியக் கணக்கில் இருக்கும். அதோடு 638 கூட்டினால் நம் ஆண்டு வரும். அவர்களுடைய புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் நடுவில் வருவதால், ஜனவரி முதல் அதுவரை உள்ள நாட்களுக்கு மட்டும் 639 கூட்ட வேண்டும். அப்பா பிறந்தது மார்ச் என்பதால் ஓலையில் 1312 என்று இருக்க வேண்டும். பிறந்த நேரமும் அதில் குறித்திருக்கும். நண்பகலுக்கு முந்திய நேரமாக இருந்தால், அந்த லகரம் கிழமையும் நேரமும் பார்த்து வைத்ததுதான் என்று உறுதியாகிவிடும்.