தம் அடிக்க முடியாத பயணம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. சென்னைக்கு ரயில் பிடிப்பவர்கள் அரியலூருக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்கள் திருச்சி விமான நிலையத்துக்குப் போகிறார்கள். புகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பயணங்களில் பயமே புகைபிடிக்க முடியாத அந்தச் சில மணி நேரம்தான். அந்தப் பயத்தை ஒட்டிப் பல நம்பிக்கைகள் வளர்ந்திருக்கின்றன. அவற்றில் சில ஏக்கத்தைக் கூட்டுகின்றன, சில உயிருக்கே ஆபத்தானவை.

நம்பிக்கை: ஏறுவதற்கு முன் மூன்று நான்கு சிகரெட் தொடர்ந்து அடித்துவிட்டால் தாக்குப்பிடிக்கலாம்.

உண்மை: உடலால் நிகோட்டினைச் சேமித்து வைக்க முடியாது. ரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்தப் பாதியும் பாதியாகிறது. அதாவது, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நிகோட்டினை ஏற்றிக்கொண்டாலும் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். சிங்கப்பூர் விமானத்துக்காகத் திருச்சி விமான நிலையத்துக்குள் மூன்று மணி நேரம் முன்பே போகிறோம். பறப்பது நான்கு மணி நேரத்துக்கு மேல். இறங்கிய பின் குடிநுழைவு வரிசை. மொத்தம் எட்டு மணி நேரம் ஆகிவிடும். எத்தனை சிகரெட் அடித்திருந்தாலும் அதற்குள் மிஞ்சுவது மிகக் குறைவு. தலைசுற்றலும் வாய்க்கசப்பும் மட்டும் விமானத்துக்குள் கூடவே வரும்.

நம்பிக்கை: நேரம் ஆக ஆக ஏக்கம் ஏறிக்கொண்டே போகும். நான்கு மணி நேரமே இப்படி என்றால் பத்து மணி நேரம் தாங்கவே முடியாது.

உண்மை: இந்த நம்பிக்கைதான் பலரையும் பயமுறுத்துகிறது. இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் ரூவன் டாரும் அவருடைய குழுவினரும், புகைப் பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களிடம் பயணத்தின் நடுவே ஏக்கத்தின் அளவைப் பலமுறை கேட்டுக் குறித்தார்கள். அதே ஆட்கள் மூன்று முதல் ஐந்தரை மணி நேரப் பயணத்திலும் எட்டு முதல் பதின்மூன்று மணி நேரப் பயணத்திலும் பணி செய்தார்கள். ஆய்வு 2010இல் வெளியானது. குறுகிய பயணம் முடியும் தறுவாயில் ஏக்கம் உச்சத்துக்குப் போனது. நீண்ட பயணத்திலோ, அதே அளவு மணி நேரம் கடந்திருந்தும், ஏக்கம் அந்த அளவுக்கு எழவில்லை. அங்கும் தரையிறங்கும் நேரம் நெருங்கியபோதுதான் அது ஏறியது.

புகைக்காமல் கழிந்த நேரத்தைவிட 'இதோ, அடிக்கப்போகிறோம்' என்ற எதிர்பார்ப்புதான் ஏக்கத்தை அதிகம் கிளறுகிறது என்பது இதன் பொருள். வாய்ப்பே இல்லை என்று மனம் ஏற்றுக்கொண்ட இடத்தில் அது தணிந்து கிடக்கிறது. தூக்கமின்மை, எரிச்சல், கவனச் சிதறல் போன்ற உடல்ரீதியான விலகல் தொல்லைகள் உண்மையானவை. ஆனால் அவை உச்சத்தை அடைவது நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில். ஒரு விமானப் பயணத்துக்குள் அந்தக் கட்டம் வராது.

நம்பிக்கை: விமானத்தைவிட ரயில் தேவலாம். ஸ்டேஷனில் இறங்கி ஒரு தம் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: நடைமேடையும் பொது இடம்தான். 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அங்கே புகைத்தால் அபராதம் உண்டு. ரயில் பெட்டிக்குள் புகைப்பதை ரயில்வே சட்டமும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஏக்கத்தின் கணக்கிலும் இது நஷ்டம். அரியலூரிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். விருத்தாசலம், விழுப்புரம், செங்கல்பட்டு என்று ஒவ்வொரு நிறுத்தத்தையும் வாய்ப்பாகக் கணக்குப் போட்டால், ஒவ்வொன்றுக்கு முன்னாலும் எதிர்பார்ப்பு ஒருமுறை எழுகிறது. ஒரே பயணம் மூன்று நான்கு தரையிறக்கங்கள் ஆகிவிடுகிறது. 'எழும்பூரைத் தாண்டி வெளியே போகும்வரை இல்லை' என்று ஏறும்போதே முடிவு செய்துவிடுங்கள். நிறுத்தங்களில் கதவருகே போய் நிற்காதீர்கள், இருக்கையிலேயே இருங்கள். ஏக்கம் ஓர் அலையாக வந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும்.

நம்பிக்கை: கழிவறையில் இரண்டு இழுப்பு இழுத்தால் யாருக்குத் தெரியும்? வேப் என்றால் புகையே இல்லையே.

உண்மை: 1973 ஜூலை 11 அன்று பாரீஸ் ஓர்லி விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த வாரிக் நிறுவன விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் தீப்பிடித்தது. விமானி ஒரு வயலில் இறக்கினார். 123 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலானவர்களைக் கொன்றது புகை. குப்பைத் தொட்டியில் போட்ட அணையாத சிகரெட் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இன்றைய விமானக் கழிவறைகளில் புகை உணரும் கருவி இருக்கிறது. வேப் ஆவியும் அதைத் தூண்டிவிடக்கூடும்.

ரயிலிலும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட்டில் திருப்பதி–செகந்திராபாத் வந்தே பாரத் ரயிலின் கழிவறையில் ஒருவர் புகைபிடித்ததும் தீயணைப்புக் கருவி தானாகவே இயங்கி, பெட்டியில் புகைமூட்டம் பரவ, ரயிலை வழியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வேப் கருவிகள் விற்பதை இந்தியா 2019இல் தடைசெய்துவிட்டது. சிங்கப்பூரிலோ கையில் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். பிழைப்புக்காகப் போகிறவர் அதைப் பையில் எடுத்துச் செல்லவே கூடாது.

நம்பிக்கை: நிகோட்டின் சுவிங்கம் மென்று பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை.

உண்மை: பெரும்பாலும் மெல்லும் முறைதான் தவறு. சாதாரண சுவிங்கம்போல வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும், பலன் குறையும். அது வாயின் உட்தோல் வழியாகத்தான் உடலில் ஏற வேண்டும். மெதுவாக மெல்லுங்கள். காரமோ சுருக்கென்ற உணர்வோ வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். உணர்வு மங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபியும் குளிர்பானமும் வேண்டாம், அவற்றின் புளிப்பு நிகோட்டின் ஏறுவதைத் தடுக்கும். முழுப் பலன் தெரிய இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்பதால் ஏக்கம் முற்றிய பிறகு எடுப்பது தாமதம்.

ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிக்கும் ஒருவர் திருச்சியிலிருந்து இரவு பத்து மணிக்குத் துபாய் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை முழு அளவுக்கு வர சில மணி நேரம் ஆகும், ஆகவே பிற்பகலிலேயே ஒட்டிக்கொள்ளட்டும். அது பயணம் முழுக்கச் சீராக நிகோட்டின் தரும். தரையிறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் ஒரு சுவிங்கம். எதிர்பார்ப்பு உச்சத்துக்குப் போகும் நேரமும் அது வேலை செய்யும் நேரமும் அப்போது ஒன்றாகிவிடும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. சிங்கப்பூர் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே சுவிங்கத்துக்கே கட்டுப்பாடு உண்டு, நிகோட்டின் சுவிங்கம்கூட மருத்துவர், பல் மருத்துவர் அல்லது மருந்தாளுநர் வழியாகத்தான் கிடைக்கும். அவர்கள் பட்டையோடு நிறுத்திக்கொண்டு, மருத்துவரின் சீட்டையும் உடன் வைத்திருப்பது நல்லது.

இவற்றுக்குப் பதிலாக வாயில் புகையிலை ஒதுக்கிக்கொள்வது தீர்வாகாது. அதுவும் நிகோட்டின் பழக்கமே, வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழியும்கூட. பயணத்தில் எட்டு மணி நேரம் புகைக்காமல் இருக்க முடிந்தவர் அதை நீட்டிக்க விரும்பினால், தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356இல் இலவசமாகப் பேசலாம்.