படிமுறைக் கட்டணமும் சமனிலிகளும்

ஒரு கணியத்தின் பெறுமானம் எங்கும் ஒரே சூத்திரத்தால் பெறப்படுமாயின், அதுபற்றிய சமனிலியைத் தீர்த்தல் எளிது. சூத்திரம் இடத்துக்கிடம் மாறுமாயின் அதே முறை போதாது. அத்தகைய விதியை ஒவ்வொரு படியாகப் பிரித்துத் தீர்த்தல் வேண்டும். இதற்கு நாம் நன்கறிந்த மின்கட்டணப் பட்டியலையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

2014 செப்டெம்பர் தொடக்கம் 2022 ஓகஸ்ட் வரை இலங்கை மின்சார சபையின் வீட்டுப் பாவனைக் கட்டணம் பின்வருமாறு இருந்தது. அதன்பின் விலைகள் பலமுறை மாற்றப்பட்டன. ஆயினும் எண்கள் திருத்தமாகத் தெரிந்திருத்தலானும், இவ்விதியில் நாம் காணவேண்டிய நுட்பம் தெளிவாக அமைந்திருத்தலானும், அதனையே இங்கு எடுத்தாள்கின்றோம். முப்பது நாட் கணக்கில் செலவான அலகுகள் x என்க. X ஒரு முழு எண். கட்டணம் ரூபாவில் வருமாறு:

முதற் படி (0 ≤ x ≤ 30): 2.50x + 30
இரண்டாம் படி (31 ≤ x ≤ 60): 75 + 4.85(x − 30) + 60
மூன்றாம் படி (61 ≤ x ≤ 90): 471 + 10(x − 60) + 90
நான்காம் படி (91 ≤ x ≤ 120): 771 + 27.75(x − 90) + 480

ஒவ்வொரு கோவையின் இறுதியிலும் நிற்கும் எண் நிலைக் கட்டணம். மூன்றாம் படியில் 471 எவ்வாறு வந்தது? அறுபது அலகைத் தாண்டியவர்க்கு 2.50, 4.85 என்னும் மலிவான விலைகள் இல்லாதொழிந்து, முதல் அறுபது அலகுக்கும் 7.85 வீதம் அறவிடப்பட்டது. 60 × 7.85 = 471. ஆகவே படி மாறும்பொழுது மேலதிக அலகின் விலை மட்டும் மாறுவதில்லை. முன்னைய அலகுகளின் விலையும் நிலைக் கட்டணமும் உடன் மாறுகின்றன. 120 அலகுக்கு மேலும் படிகள் உண்டு. அங்குக் கட்டணம் 2000 ரூபாவையும் கடந்துவிடுதலின் நம் வினாக்களுக்கு அவை வேண்டா.

இனி வினா: ஒரு குடும்பத்தின் மின்பட்டியல் 1000 ரூபாவை மிகாதிருக்க வேண்டும். எத்தனை அலகுகள் செலவிடலாம்?

முதற் படியில் 2.50x + 30 ≤ 1000. இதிலிருந்து x ≤ 388. இப்படிக்கு உரிய எண்கள் 0 முதல் 30 வரையே. அவை அனைத்தும் 388க்கு உட்பட்டவை. எனவே படி முழுவதும் விடையாகும்.

இரண்டாம் படியில் 4.85(x − 30) ≤ 865. எனவே x − 30 என்பது 178.35ஐ மிகாது, x அண்ணளவாக 208.35ஐ மிகாது. 31 முதல் 60 வரையுள்ள எல்லா எண்களும் இதற்கும் பொருந்தும்.

மூன்றாம் படியில் 10(x − 60) ≤ 439. எனவே x ≤ 103.9. மாணவர் பலர் இவ்விடத்தில் தீர்வு முடிந்ததென எண்ணி, 103 அலகு வரை செலவிடலாம் என எழுதிவிடுவர். அது தவறு. மூன்றாம் படியின் சூத்திரம் 90 அலகு வரையே உண்மை. 103 என்னும் எண் அச்சூத்திரத்தின் ஆட்சிக்குள் இல்லை. அதற்குரிய சூத்திரம் நான்காவது. அதிற் பிரதியிட்டால் 771 + 360.75 + 480 = 1611.75 ரூபா. 1000க்குள் அடங்கும் என்று கருதிய குடும்பம் 611 ரூபாவுக்கு மேல் மிகுதியாகச் செலுத்த நேரும். எனவே x ≤ 103.9 என்பதையும் 61 ≤ x ≤ 90 என்பதையும் ஒருங்கே நோக்கி, இரண்டுக்கும் பொதுவான 61 முதல் 90 வரையே இப்படியின் விடை எனக் கொள்ளல் வேண்டும்.

நான்காம் படியில் 27.75(x − 90) ≤ −251. எனவே x ஏறத்தாழ 80.95ஐ மிகாது. இப்படியின் எண்களோ 91இல் தொடங்குகின்றன. இரண்டுக்கும் பொதுவான எண் ஒன்றுமில்லை. இப்படியில் விடை இல்லை. முடிவு: 0 ≤ x ≤ 90.

இங்கே இருவகைச் சேர்க்கைகள் நிகழ்ந்தமையை உற்றுநோக்குக. ஒரு படிக்குள் சமனிலியின் தீர்வும் படியின் எல்லையும் ஒருங்கே உண்மையாதல் வேண்டும். ஆதலின் அங்கு இடைவெட்டைக் கொள்கின்றோம். படிகளுக்கு இடையிலோ ஒரு குடும்பம் ஏதாவதொரு படியில் மட்டுமே இருக்க இயலும். ஆதலின் அங்கு ஒன்றிப்பைக் கொள்கின்றோம். இவ்விரண்டையும் மாற்றி, எல்லாப் படிகளின் விடைகளுக்கும் இடைவெட்டுக் காண முயல்வோர்க்கு வெற்றுத் தொடையே எஞ்சும். 30ஐ மிகாததும் 60ஐ மிஞ்சியதுமான எண் எங்கும் இல்லையன்றோ?

விடையைச் சரிபார்க்கப் படிகளின் விளிம்புகளிற் பிரதியிடலே ஏற்ற வழி. 90 அலகுக்குக் கட்டணம் 861 ரூபா. 91 அலகுக்கு 1278.75 ரூபா. ஒரே அலகுக்கு 417.75 ரூபா ஏறியுள்ளது. 1000 என்னும் எல்லை இவ்விடைவெளிக்குள் வீழ்கின்றது. எனவேதான் விடை 90இற் சட்டென நின்றது. வரைபிலே இது தொடர்ந்து செல்லும் கோடாக அமையாது, விளிம்பில் அறுந்து மேலே தாவும் கோட்டுத்துண்டுகளாகத் தோன்றும்.

இத்தாவுதலின் விளைவு மற்றொன்றும் உண்டு. பட்டியல் 300 ரூபாவுக்குக் குறையாமலும் 500 ரூபாவை மிகாமலும் வரவேண்டின் எத்தனை அலகுகள்? முதற் படியில் x ≥ 108 என வரும். அது படிக்குப் புறம்பு. இரண்டாம் படியில் x ஏறத்தாழ 64.02க்குக் குறையாதிருத்தல் வேண்டும், அதுவும் புறம்பு. மூன்றாம் படியில் 561 + 10(x − 60) ≤ 500 என்பதிலிருந்து x ≤ 53.9, அதுவும் புறம்பு. நான்காம் படியில் கட்டணம் 1278.75 ரூபாவிலேயே தொடங்குகின்றது. ஆகவே அத்தகைய பட்டியல் எவ்வீட்டுக்கும் வந்திருக்க முடியாது. 60 அலகுக்கு 280.50 ரூபா, 61 அலகுக்கு 571 ரூபா என்பதை நோக்கின் காரணம் விளங்கும். விடை இல்லை என்பதும் ஒரு விடையே. ஆனால் எல்லாப் படிகளையும் ஆராய்ந்த பின்னரே அதனைச் சொல்லுதல் தகும்.

இறுதியாக, பயிற்சிக்கு ஒன்று. ஒரு வீட்டில் 95 அலகுகள் செலவாயின, கட்டணம் 1389.75 ரூபா. குறைந்தது 500 ரூபா மீதப்படுத்த எத்தனை அலகுகளைக் குறைத்தல் வேண்டும்? புதிய செலவு y எனின், கட்டணம் 889.75 ரூபாவை மிகலாகாது. நான்காம் படியில் y ஏறத்தாழ 76.98ஐ மிகாதெனக் கிடைக்கும். அப்படியில் விடை இல்லை. மூன்றாம் படியில் y ≤ 92.875, எனவே 61 முதல் 90 வரை முழுவதும் பொருந்தும். முதலிரு படிகளும் பொருந்துமென எளிதிற் காணலாம். ஆகவே ஐந்து அலகுகளைக் குறைத்தாற் போதும். 90 அலகுக்குரிய 861 ரூபாவோடு ஒப்பிட, மீதம் 528.75 ரூபா. நான்கு அலகுகளை மட்டும் குறைத்து 91இல் நின்றிருப்பின் மீதம் 111 ரூபாவே. ஐந்தாம் அலகின் பெறுமதி எஞ்சிய 417.75 ரூபா என்பதை மாணவர் தாமே கணித்து அறிக.